பாதியில் நிற்கும் விடை: காத்திருப்பதா, கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வதா?

வேதியியல் வைவாவில் ஒரு கேள்வி: "பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது?" மாணவி, "அதை ஊற்றினால் பெர்மாங்கனேட்..." என்று நின்றுவிடுகிறார். "குளோரைடு குளோரினாக மாறிவிடுமா?" என்று கேட்டால் விடையை நாமே சொன்னதாகிவிடும். அவர் சொல்லும் "ஆமாம் மேடம்" எதையும் காட்டாது. மிஞ்சுவது இரண்டு வழிகள்.

விடை கசிவது
காத்திருத்தல்: முகம் மாறாதவரை கசியாது.
திருப்பிச் சொல்லுதல்: "பெர்மாங்கனேட்..." என்று அவருடைய சொல்லை மட்டும் சொன்னால் கசியாது. புதிதாக ஒரு சொல் சேர்ந்தாலே கசிவுதான்.

பதற்றம்
காத்திருத்தல்: ஐந்து விநாடி வரை யோசிக்க இடம் தரும். அதற்கு மேல் போனால், சொன்னதே தப்போ என்று பயப்படுவார்.
திருப்பிச் சொல்லுதல்: கவனிக்கிறோம் என்று தெரியும், விட்ட இழை கையில் வரும்.

தொனியில்தான் பலர் தவறுகிறார்கள். அடுத்து, "ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பியூரெட் அளவு என்ன ஆகும்?" என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழிப்பதால் அளவு கூடும் என்பதே சரியான விடை. "குறையும்" என்றவரிடம் மட்டும் "குறையுமா?" என்று குரலை உயர்த்தினால், அவர் உடனே "இல்லை, கூடும்" என்று மாற்றிக்கொள்வார். சரியாகச் சொன்னவரிடமும் அதே குரலில் "கூடும்... ஏன்?" என்று கேட்டுப் பழகினால் இந்தக் கசிவு நிற்கும்.

கண் மேலே போய், உதடு அசைந்தால் யோசிக்கிறார், காத்திருங்கள். "கேள்வி என்ன மேடம்?" என்பதுபோல் விழித்தால் திருப்பிச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லியும் நகரவில்லையென்றால், அதுவரை சொன்னதற்கு மதிப்பெண் போட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.