90 ஆயிரமா, 55 ஆயிரமா: ஒரே ரீலுக்கு இரண்டு ஒப்பந்தங்கள்

மதுரையில் சமையல் ரீல் போடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தீபாவளியை ஒட்டி டேபிள்டாப் கிரைண்டர் விளம்பரத்துக்காக அவருக்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி. ஆளும் தொகையும் உதாரணத்துக்காக வைத்தவை. விதிகள் மட்டும் இந்தத் தொழிலில் அன்றாடம் கண்ணில் படுபவை.

முதல் அழைப்பு ஒரு ஏஜென்சியிடமிருந்து. 90 ஆயிரம் ரூபாய். வீடியோவின் எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, காலவரையின்றி பிராண்டுக்கு. ஆறு மாதத்துக்குச் சமையலறைச் சாதனம், உணவுப் பொருள் எதற்கும் வேறு விளம்பரம் செய்யக் கூடாது. பணம், கேம்பெய்ன் முடிந்து 60 நாளில்.

இரண்டாவது, வேறொரு கிரைண்டர் கம்பெனி நேரடியாக அனுப்பியது. 55 ஆயிரம் ரூபாய். 90 நாள் வரை கம்பெனி தன் பக்கத்தில் பகிரலாம். காசு செலவழித்து விளம்பரமாக ஓட்டுவதானால் 30 நாளுக்கு 15 ஆயிரம் தனி. 30 நாளுக்கு வேறு கிரைண்டர் விளம்பரம் கூடாது, அவ்வளவுதான். பாதிப் பணம் ஷூட்டிங்குக்கு முன், மீதி ரீல் வெளியான 15 நாளில்.

பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் எடுப்பார்கள். 35 ஆயிரம் வித்தியாசம் சாதாரணமில்லை. ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கணக்கு வேறு மாதிரி போகிறது.

முதலில் உரிமை. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் வீடியோ நம்முடையதுதானே என்று பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. அதைக் காட்டி பிராண்ட் வாதாட இடமுண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் "ஓகே மேம், டன்" என்று முடித்த டீல் பாதுகாப்பானது அல்ல. பல நேரம் மோசமான ஒப்பந்தத்துக்குச் சமம். "வீடியோவின் காப்புரிமை கிரியேட்டருக்கே, பிராண்டுக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்" என்ற ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து அந்த அனுமதிக்குக் காலம். உரிமையைக் கொடுத்துவிட்டுக் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க. ஐந்து ஆண்டே ஒரு ரீலுக்கு மிக நீளம். ஏஜென்சி தாளில் இருப்பதோ "காலவரையின்றி". இரண்டு வருடம் கழித்து இவர் சொந்தமாக மசாலா பிராண்ட் தொடங்கலாம், அல்லது போட்டிக் கம்பெனியோடு பெரிய ஒப்பந்தம் போடலாம். அன்றைக்கும் அந்தக் கிரைண்டர் விளம்பரத்தில் இவர் முகம் ஓடிக்கொண்டிருக்கும், புதிய கம்பெனி அதைக் காட்டித் தொகையைக் குறைக்கும்.

விளம்பரமாக ஓட்டுவதிலும் இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று, இன்ஸ்டாகிராமின் பார்ட்னர்ஷிப் ஆட் வழி. பிராண்ட் நம் பதிவையே, நம் கணக்கின் பெயரோடு, காசு செலவழித்து மற்றவர்களுக்குக் காட்டும். இதற்கான அனுமதியை ஒரு பதிவுக்கு மட்டும் கொடுக்கலாம், அல்லது கணக்கு முழுமைக்கும் கொடுக்கலாம். கணக்கு முழுமைக்கும் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் நம்மைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒரு பதிவுக்கு மட்டும் கொடுத்த அனுமதியைக் காலம் முடிந்ததும் நாமே திரும்ப எடுத்துவிடலாம்.

இன்னொன்று, ஒரிஜினல் வீடியோ ஃபைலை வாங்கிக்கொண்டு பிராண்ட் தன் கணக்கிலிருந்து ஓட்டுவது. யூடியூப் விளம்பரம், ஷோரூம் டிவி, அமேசான் பக்கம் என்று அது எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியவே தெரியாது. நிறுத்த நம் போனில் எந்த பட்டனும் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள தேதிதான் ஒரே பிடி. ஏஜென்சி தாளில் "ரா ஃபுட்டேஜ் ஒப்படைக்க வேண்டும்" என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். கேமராவில் எடுத்த மொத்தக் காட்சியும் கைக்குப் போனால், அதை வெட்டி ஒட்டி இவர் சொல்லாததைச் சொன்னதுபோல ஆக்கவும் முடியும். முடிந்த ரீலை மட்டும் கொடுங்கள். திருத்தி வெட்டுவதானால் நம் ஒப்புதல் வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். இரண்டாவது கம்பெனி சொன்ன ரேட்டையே அளவுகோலாக வைப்போம். விளம்பரமாக 30 நாளுக்கு 15 ஆயிரம் என்றால் 90 நாளுக்கு 45 ஆயிரம். 55 ஆயிரத்தோடு சேர்த்தால் ஒரு லட்சம். ஆக, ஏஜென்சியின் 90 ஆயிரம் மூன்று மாத விளம்பர உரிமைக்கே போதாது. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் இலவசம்.

தடை விதியும் ஒரு விலைதான். சமையல் சேனல் வைத்திருப்பவர் ஆறு மாதம் உணவுப் பொருளையும் சமையலறைச் சாதனத்தையும் தொடக் கூடாது என்றால், அவர் எதை விளம்பரம் செய்வது? எண்ணெய், மசாலா, குக்கர், மாவு எல்லாம் போச்சு. அந்த ஆறு மாதத்தில் தலா 30 ஆயிரத்துக்கு இரண்டு வாய்ப்பை மறுத்தாலே 60 ஆயிரம் கை நழுவும். தடை கேட்பதில் தவறில்லை. பிராண்டுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் பொருள் வகை குறுகலாக இருக்க வேண்டும், முடிந்தால் போட்டிக் கம்பெனிகளின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். தடை எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். ஒப்பந்தம் போட்ட நாளில் தொடங்கி, "ரீல் வெளியான பின் ஆறு மாதம்" என்று முடிந்தால், அவர்கள் வெளியிடும் தேதியைத் தள்ளத் தள்ளத் தடையும் நீளும்.

சரி, பணம் எப்போது வரும்? "60 நாள்" என்பதைவிட எந்த நாளிலிருந்து 60 என்பதுதான் முக்கியம். இவர் ரீலை அக்டோபர் 10ஆம் தேதி போடுகிறார். ஆனால் கேம்பெய்ன் என்பது இவருடைய ரீல் மட்டுமல்ல. பத்துப் பன்னிரண்டு கிரியேட்டர்கள் சேர்ந்தது. கடைசி ஆள் போட்டு முடிக்கும்போது நவம்பர் 15 ஆகிறது. அங்கிருந்து 60 நாள் எண்ணினால் ஜனவரி 14. தீபாவளி விளம்பரத்துக்குக் காசு பொங்கலுக்குத்தான். அதுவும், "பிராண்டிடமிருந்து பணம் வந்த பிறகே கிரியேட்டருக்கு வழங்கப்படும்" என்ற வரி இல்லாதிருந்தால். அந்த வரி இருந்தால் பொங்கலும் உறுதியில்லை. ஏஜென்சிக்கும் பிராண்டுக்கும் உள்ள வசூல் பிரச்சினையை வீட்டிலிருந்து வீடியோ எடுக்கும் ஒருவர் தலையில் கட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. அதை நீக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி வழியில் ஷூட்டிங்குக்கு முன் 27,500, அக்டோபர் 25க்குள் இன்னொரு 27,500. டிடிஎஸ் இரண்டு வழியிலும் உண்டு, பெரும்பாலும் 10 சதவீதம். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். ஆகவே கையில் வரும் தொகை கொஞ்சம் குறையும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு சட்டம் கிரியேட்டருக்குத் துணை நிற்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, சேவையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஒருவரே நடத்தும் தொழிலும் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும். ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு செய்து, இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போடுங்கள். குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்த ஆண்டில்தான் சேவையை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்தாலே பில் நகரும் வாய்ப்பு அதிகம்.

"ஏற்றுக்கொண்ட நாள்" என்பதையும் இழுக்க விடாதீர்கள். வீடியோவை அனுப்பி மூன்று வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதல் கொடுத்ததாகக் கொள்ளப்படும், இலவசத் திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதிவிடுங்கள். "பிராண்ட் திருப்தியடையும் வரை" என்ற சொற்றொடர் இருக்கும் தாளில் வேலைக்கு முடிவே கிடையாது. பர்ச்சேஸ் ஆர்டர் எண் கைக்கு வராமல் கேமராவை எடுக்கவும் வேண்டாம். அது இல்லாத இன்வாய்ஸைப் பல அலுவலகங்கள் சிஸ்டத்தில் ஏற்றவே மாட்டார்கள், ஏற்றும் நாளிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள்.

முன்பணம் ஏன் அவசியம் என்பது பிராண்ட் நடுவில் மனம் மாறும்போதுதான் தெரியும். ஷூட்டிங் முடிந்தபின் "இந்த கேம்பெய்னை ஹோல்ட் பண்ணிட்டோம்" என்று மெயில் வந்தால், கேம்பெய்ன் முடிந்த பிறகே பணம் என்று எழுதிய ஏஜென்சி தாளில் ஒரு ரூபாய்கூடக் கேட்க இடமில்லை. கம்பெனி தாளிலும் ஒரு திருத்தம் கேட்பேன்: முன்பணம் திருப்பித் தரப்படாது, எடுத்து அனுப்பிய பின் ரத்தானால் முழுத் தொகை.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண ரீலில் சினிமாப் பாட்டு போடுவது போல விளம்பர ரீலில் போட முடியாது. சாதாரண ரீலுக்கு இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் பாட்டு அனுமதி வியாபாரப் பயன்பாட்டுக்குச் செல்லாது. இசை நிறுவனம் பணம் கேட்டால் "எல்லா இழப்பீடும் கிரியேட்டர் பொறுப்பு" என்ற விதி இவர் மேல் பாயும். இசையை பிராண்டே தரட்டும், அதற்கான பொறுப்பும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏஜென்சியின் 90 ஆயிரத்தை அப்படியே தள்ளிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான் அவர் இடத்தில் இருந்தால் இப்படி ஒரு மெயில் அனுப்புவேன்: "90 ஆயிரத்துக்குச் சம்மதம். உரிமை என்னிடமே, விளம்பரமாக 90 நாள், இன்ஸ்டாகிராமில் மட்டும், ரீல் வெளியான நாளிலிருந்து. தடை கிரைண்டருக்கு மட்டும், 45 நாள். 40 சதவீதம் முன்பணம், மீதி ரீல் வெளியாகி 30 நாளில். காலவரையற்ற உரிமை வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை சொல்கிறேன்." ஏஜென்சிகள் முதலில் அனுப்புவது பெரும்பாலும் எல்லோருக்கும் அனுப்பும் ஒரே தாள், கேட்டால் காலத்தையும் தடையையும் குறைப்பவர்கள் நிறைய. முன்பணத்துக்குத்தான் முரண்டு பிடிப்பார்கள். அதில் மட்டும் இறங்கி வரலாம், பணம் தரும் நாள் ரீல் வெளியான தேதியிலிருந்தே எண்ணப்படும் என்றால். உரிமைக்கு முடிவுத் தேதி போடவே மாட்டோம் என்று சொன்னால், 55 ஆயிரத்துக்கே கையெழுத்துப் போடுங்கள்.