மூன்று வரி நோட்டு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் புதிதாக விடுதி தொடங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீ வைத்திருக்கும் அந்த மூன்று வரி நோட்டை நானும் என் வரவேற்பு மேசையில் வைக்கலாமா?" விடுதிக்கு வருபவர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் கோபச் செய்திகளைத் தமிழாக்க நான் வைத்திருக்கும் நோட்டு அது. நிதானமாகப் பதில் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று இரவு அந்த நோட்டே என் காலை வாரிவிட்டது. ஆகவே இதில் கோபமும் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படிப்பது அவர் பொறுப்பு.

ராமேசுவரத்தில் ஒரு விடுதியில் இரவுப் பணியில் இருக்கிறேன். தங்க வருபவர்களில் பெரும்பாலோர் வட மாநில யாத்ரீகர்கள். எங்கள் முதலாளிக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் தமிழ் மட்டுமே தெரியும். எனக்கு ஹிந்தியில் நாலு வார்த்தை. தொலைபேசியில் பேசினால் இரண்டு பக்கமும் புரியாது என்பதால் அவர்கள் ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவார்கள். கோபத்தில், ஓடும் ரயிலில், கட்டைவிரலால் அடித்த ஆங்கிலம். அதைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்ன மறு நிமிடம் அவர் முடிவெடுத்துவிடுவார்.

நோட்டு பிறந்த கதையைச் சொன்னால்தான் முறை விளங்கும். 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, ராமேசுவரம் வரவேண்டிய வண்டிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பின. மண்டபத்திலிருந்து எங்கள் ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். தெரிந்தவர்கள் பஸ்ஸிலோ வேனிலோ வந்துவிடுவார்கள். தெரியாமல் வந்த குடும்பங்கள் தவித்துப்போகும். 2023 கோடையில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு இந்தச் செய்தி வந்தது:

```
sir u r cheeter train nit going ramswarm
drop us mandapm nite my mothr 74 cant wlk
no room cancel send car no i complant
```

நான் ஒரே மூச்சில் படித்து ஒரே மூச்சில் மொழிபெயர்த்தேன். "ஐயா, நம்மை ஏமாற்றுக்காரன் என்கிறார். அறை வேண்டாமாம், ரத்து செய்யச் சொல்கிறார். வண்டி அனுப்பாவிட்டால் புகார் கொடுப்பாராம்." முதலாளி கொதித்துப்போனார். "அறையும் வேண்டாம், வண்டி மட்டும் வேண்டுமா? போகட்டும் தம்பி." அந்த அறையை வாசலில் நின்றிருந்த வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, கிடைத்த ஆட்டோவில் அவர்கள் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா வரவேற்பறை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கடைசியில் முதலாளி தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார்.

மறுநாள்தான் அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. கைபேசி விசைப்பலகையில் 'ஓ' எழுத்துக்கு இடப்பக்கம் ஒட்டி இருப்பது 'ஐ'. 'நாட்' என்று அடிக்கப் போய் விரல் இடப்பக்கம் சரிந்து 'நிட்' ஆகியிருக்கிறது. அது பிழை. ஆனால் கடைசி வரியில் இரண்டு முறை வரும் 'நோ' என்ற சொல்லில் பிழையே இல்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள், அவ்வளவுதான். முதல் 'நோ' வேண்டாம் என்று சொல்வது: அறையை ரத்து செய்துவிடாதீர்கள். இரண்டாவது 'நோ', நம் ஊரில் எண் என்பதற்குச் சுருக்கமாக எழுதுவோமே, அந்த 'நோ': வண்டி எண்ணை அனுப்புங்கள். நடுவில் ஒரு புள்ளியோ காற்புள்ளியோ இருந்திருந்தால் நானும் தப்பித்திருப்பேன்.

இதற்கு ஆதாரம் எங்கள் கைபேசியிலேயே இருந்தது. அன்று மாலை நாங்களே அவருக்கு, வேன் மண்டபம் நிலையத்துக்கு வரும், எண்ணைப் பிறகு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தோம். எண்ணை அனுப்பவில்லை. எங்கள் வேன் நிலையத்துக்கு வெளியே சாலையோரம் நின்றிருந்தது. எது தன் வண்டி என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்ட அந்த எண்ணை அனுப்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேன் காலியாகத் திரும்பியது. அறையை வேண்டாம் என்பவர் விடுதி வண்டியை எதற்குக் கேட்கிறார் என்ற கேள்வி முதலாளிக்கு வந்தது. அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். என் மொழிபெயர்ப்பு தவறு என்பதற்கான அடையாளம் அது. அது எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்?

அன்று ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கோபச் செய்திக்கும் மூன்று வரி. முதல் வரியில் செய்தியைப் பிழைகளோடு அப்படியே கையால் எழுதுவேன். கண் பிழையைத் தானாகத் திருத்திக்கொண்டு தாண்டிவிடும், கை தாண்டாது. இரண்டாம் வரியில் அவர் எழுத நினைத்திருக்கக்கூடிய ஆங்கிலம். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் இரண்டையும் எழுத வேண்டும். செய்தியின் மற்ற பகுதியோடு முட்டுவதை அடித்துவிட வேண்டும். மூன்றாம் வரியில் தமிழ். முதலாளியிடம் போவது அந்த வரி மட்டுமே.

இந்த மூன்று ஆண்டுகளில் நான் எதிர்பாராத இன்பம் இரண்டாம் வரியில் கிடைத்தது. கோபம் பெரும்பாலும் செய்தியின் தொடக்கத்தில் இருக்கிறது, தேவை கடைசியில் இருக்கிறது. 'சீட்டர்' என்று தொடங்குபவருக்கு ஆங்கிலத்தில் கைவசம் உள்ள வசைச்சொல் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதை 'ஏமாற்றுக்காரன்' என்று தமிழாக்கினால் ஆளைத் திட்டுவதாகிறது. 'ஏமாந்துவிட்டோம் என்று வருந்துகிறார்' என்றால் நடந்ததைச் சொல்வதாகிறது. அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் இரண்டாவது. அதேபோல் ஆங்கிலத்து ஒற்றை எழுத்து 'யு'. அதை 'நீ' என்று சொல்லி முதலாளியைச் சூடேற்றிய நாட்கள் உண்டு. அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை என்று நோட்டு கற்றுக்கொடுத்தது. இப்போது எப்போதும் 'நீங்கள்'தான்.

ஹிந்திச் சொற்கள் கலந்து வரும்போதும் நோட்டு உதவியிருக்கிறது. ஹிந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல் இருந்தால் எது என்று தெரிந்துவிடும். 'கல் ரூம் கிளீன்' என்று வினையே இல்லாமல் ஒருவர் அனுப்பினார். நேற்றுச் சுத்தம் செய்யவில்லை என்கிறாரா, நாளை செய்யச் சொல்கிறாரா? பதிவேட்டைப் புரட்டினேன். அவர் வந்து சேர்ந்ததே அன்று காலைதான். நேற்று என்று இருக்க வழியில்லை.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். இந்த நோட்டில் எனக்குத் தீராத எரிச்சல் மூன்றாம் வரி. அந்த ஆங்கிலம் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும், இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று. தமிழ் அப்படி நிற்காது. வாக்கியத்தை முடிக்கப் பெரும்பாலும் வினை வேண்டும். வினை வந்தால் வேண்டுமா வேண்டாமா, நேற்றா நாளையா, யார் செய்வது என்பதெல்லாம் தீர்மானமாகிவிடும். இரண்டாம் வரியில் நான் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த சந்தேகம், மூன்றாம் வரியில் இருந்த சுவடே இல்லாமல் போய்விடுகிறது. "ரத்து செய்யச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்பது தெளிவாக இல்லை ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். "அதைத் தெரிந்து சொல்லத்தானே தம்பி உன்னை வைத்திருக்கிறேன்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை எனக்குச் சந்தேகம் வந்தபோது வாய் திறக்கவில்லை.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். செய்தி அனுப்பியவரிடமே ஒரே ஒரு கேள்வி, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி. அந்தக் கேள்வியில் எதிர்மறைச் சொல் இருக்கவே கூடாது. 'அறை வேண்டாமா?' என்று கேட்டு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது எந்த ஆமாம்? வேண்டாம் என்பதற்கு ஆமாமா, வேண்டும் என்பதற்கு ஆமாமா? நம் ஊரிலும் வடக்கிலும் பலர் கேள்வியின் வாக்கியத்தை ஒப்புக்கொண்டுதான் ஆமாம் போடுவார்கள். ஆகவே, 'இன்று இரவு அறை வேண்டுமா?' இப்படித்தான் கேட்க வேண்டும். பதில் வர ஒரு நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். அந்தப் பத்து நிமிடம் முதலாளி மேசைக்கு முன்னால் நிற்பார்.

நேற்று இரவு அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். வந்த செய்தி இது:

```
ac no workng no need change room
```

இரண்டாம் வரியில் நான் எழுதியது: ஏசி வேலை செய்யவில்லை, இல்லை, அறையை மாற்ற வேண்டும். செய்தி முழுக்க எரிச்சலாக இருந்ததால் அதுதான் பொருந்துவதாகப் பட்டது. இன்னொரு விதத்தை எழுதக்கூட இல்லை. முதலாளி இரண்டு பையன்களை மேலே அனுப்பினார். கதவைத் தட்டி, விளக்கைப் போட்டு, பெட்டிகளைத் தூக்கியிருக்கிறார்கள். உள்ளே குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. அவர் கேட்டது: அறையை மாற்றத் தேவையில்லை, ஏசியை மட்டும் சரி செய்து கொடுங்கள். மறுபடியும் அதே 'நோ'. 2023இல் ஒரு மூதாட்டி, நேற்று ஒரு குழந்தை.

நோட்டின் குற்றம் என்று சொல்ல முடியாது. நான் முறையைப் பாதியில் விட்டேன். ஆனால் இரவு பதினொன்றுக்கு, முதலாளி நிற்க, மணி அடிக்க, ஒருவன் முறையைப் பாதியில் விடத்தான் செய்வான். அதைத் தடுக்க இந்த நோட்டில் எதுவுமில்லை. அதுதான் இதன் குறை. நான்கு நோட்டுகள் நிறைத்த பிறகும் அதே குறை.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் விடுதியில் மேசையில் இருப்பவரும் முடிவெடுப்பவரும் நீங்களேதான். உங்களுக்கு மூன்றாம் வரியே தேவையில்லை. நேராகக் கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். உங்கள் வேன் எண்ணை மட்டும் மாலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாவது நோட்டு வாங்கியாகிவிட்டது. இம்முறை மூன்றாம் வரிக்கு மேலே ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன், கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் எழுத. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தமிழ் வரியை எழுதப் போவதில்லை. இன்று இரவு முதலாளியிடம் அதைக் காட்ட வேண்டும்.