ப்ளீச் இல்லாமலே வெளிர் நிறம் என்றார்கள்: பாதி மாதச் சம்பளம் போனதுதான் மிச்சம்

நான்கு நாள் ஆகிறது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வட்ட விளக்கு, சுவர் நிறைய ‘முன்பு – பின்பு’ படங்கள், உள்ளே போனதும் குடிக்க ஏதாவது கொடுத்து உட்கார வைப்பது என்று இருக்கும் பெரிய சலூன்களில் ஒன்று. முடிக்கு நிறம் போட என்று நான் கொடுத்தது பாதி மாதச் சம்பளம்.

என் முடி பிறவியிலேயே அடர் கறுப்பு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முழுக்கக் கறுப்பு டை அடித்திருந்தேன். அதற்குப் பிறகு வேரிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் வளர்ந்தது சொந்த முடி, அதற்குக் கீழே இருப்பது டை. இதை நானேதான் எனக்கு நிறம் போட வந்த பெண்ணிடம் முதலில் சொன்னேன். “பரவாயில்லை மேடம், இது எல்லாத்தையும் தூக்கிடும்” என்றார்.

நான் ஏமாந்த இடம் அடுத்ததுதான். நிற அட்டையைத் திறந்து, சாம்பல் கலந்த வெளிர் பொன்னிறக் கற்றை ஒன்றை என் முன்நெற்றி முடியோடு சேர்த்துப் பிடித்தார். விளக்கு வெளிச்சத்தில் அது என் முகத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. “ப்ளீச்சே கிடையாது. ஹை லிஃப்ட், நிறத்தைத் தூக்குற டை. ஐந்து லெவல் ஏறும், முடிக்கு ஒண்ணும் ஆகாது.” மருந்து கலந்துவிட்டால் வீணாகிவிடும் என்று பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். தலையாட்டினேன்.

அந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் போதும். முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். என் முடி 2. அவர் சொன்னபடியே ஐந்து லெவல் ஏறினாலும் 7. அவர் காட்டிய கற்றையோ 9. கணக்கே உதைத்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்த ஐந்தும் கூட கறுப்பு முடிக்குச் சொன்ன ஐந்து இல்லை. தட்டில் இருந்த டியூபையும் அதன் பெட்டியையும் சும்மா ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பக்கவாட்டில் பொடி எழுத்தில், ‘இயற்கை நிறம் 6 அல்லது அதைவிட வெளிர்ந்த முடிக்கு’ என்று இருக்கிறது. 6 என்பது ஏற்கெனவே வெளிர்ந்திருக்கும் முடி. அங்கிருந்து நான்கைந்து படி ஏறினால் பொன்னிறம் வரும்தான். 2-இல் தொடங்கினால் மூன்று படி ஏறும், முடி ஒத்துழைத்தால் நான்கு. 5 அல்லது 6-இல் போய் நின்றுவிடும்.

நிற்கிற இடம் வெறும் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கறுப்பு முடி வெளுக்கும்போது உள்ளே இருக்கும் சிவப்பு முதலில் தலைகாட்டும், 5-க்கு வரும்போது செம்மை கலந்த ஆரஞ்சு, 6-இல் கலப்படமே இல்லாத ஆரஞ்சு. மஞ்சள் வரவேண்டும் என்றால் இன்னும் மேலே போகவேண்டும். சாம்பல் சாயம் அழகாக உட்காருவது அந்த மஞ்சளின் மேல்தான். ஹை லிஃப்டில் சேர்த்திருக்கும் கொஞ்சம் சாம்பல் இவ்வளவு ஆரஞ்சை அடக்காது.

என் தலையில் நடந்தது இதேதான். டியூப் ஒரு பங்கு, 12 சதவீத பெராக்சைடு டெவலப்பர் இரண்டு பங்கு என்று கலந்தார். அதில் தவறில்லை, ஹை லிஃப்டுக்கு அளவு அதுதான். ஆனால் வேரிலிருந்தே பூசத் தொடங்கினார். தலையின் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வெளுக்கும் என்பதால் நடுமுடியில் முதலில் பூசி, வேரைக் கடைசிக்கு விடவேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கற்றையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார், முகம் மாறியது. “இன்னும் கொஞ்சம் ஏறட்டும்” என்று பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி மொத்தம் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். உச்சந்தலை மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. கலவைக்கு வேகம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரைதான். அதற்குள் அம்மோனியா ஆவியாகி, பெராக்சைடு ஓய்ந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் தோல்தான் புண்ணாகும், நிறம் ஏறாது.

அலசிக் காயவைத்த பிறகு என் தலையில் மூன்று பட்டைகள். வேரில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளீர் ஆரஞ்சு. அதற்குக் கீழே செம்பட்டை. ஒரு சாணுக்குக் கீழே, பழைய டை இருந்த இடத்தில், துளி மாற்றம் இல்லாத கறுப்பு. சாயம் சாயத்தை வெளுக்காது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடியாம். அதைச் சொல்லத் தெரியாதவரா அவர்?

“இரண்டு முறை குளித்தால் செட் ஆகிடும்.” இது அன்றைக்கு. குளித்தேன், இருந்த கொஞ்சம் சாம்பலும் கழுவிக்கொண்டு போய் ஆரஞ்சு இன்னும் பளிச்சென்று ஆனது. மறுநாள் போனால், “உங்க முடி நேச்சரே அப்படி.” பாதி மாதச் சம்பளம் வாங்கும்போது என் முடியின் நேச்சர் தெரியவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் மேலாளர் வந்தார். பெட்டியின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, ப்ளீச் போட்டுச் சரிசெய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். ப்ளீச் வேண்டாம் என்பதற்காகத்தானே ஐயா இந்தக் கூத்தே! அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

வேறொரு கலரிஸ்ட்டிடம் தலையைக் காட்டினேன். அவர்தான் மேலே எழுதியதில் பாதியை விளக்கினார். ‘ப்ளீச் இல்லை’ என்பதே பாதிப் பேச்சு என்றார். ஹை லிஃப்டும் பெராக்சைடால் முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கத்தான் செய்கிறது, ப்ளீச்சில் இருக்கும் பர்சல்பேட் பொடி மட்டும் அதில் இல்லை. கறுப்பு முடியை மஞ்சள்வரை கொண்டுபோகும் பலம் அந்தப் பொடிக்குத்தான் உண்டு. இப்போதைக்கு வெளுத்த பகுதியை மட்டும் ஓர் அடர் பழுப்புக்கு இறக்கி பட்டைகளை ஓரளவு மறைக்கலாம், தலையின் எரிச்சல் ஆறட்டும் என்று அனுப்பிவிட்டார்.

என்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாக: நிற அட்டையில் இருக்கும் கற்றை வெளிர் இழையில் சாயமேற்றியது, உங்கள் முடியில் அப்படி வராது. டை போட்ட முடி என்றால் ஹை லிஃப்டை மறந்துவிடுங்கள். கன்னங்கறுப்பான சொந்த முடி என்றால், செம்பு கலந்த பழுப்பு வரை போதும் என்று இருந்தால் மட்டும் உட்காருங்கள். பிடரியில் ஒரு மெல்லிய கற்றையில் அதே கலவையை முக்கால் மணி நேரம் வைத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வாமைச் சோதனை 48 மணி நேரத்துக்கு முன்பே, எனக்கு அதையும் செய்யவில்லை. அதுவரை பணம் கொடுக்காதீர்கள்.

இன்று காலை அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு ‘முன்பு – பின்பு’ படம் போட்டிருக்கிறார்கள். ‘ப்ளீச் இல்லாமல்’ என்று பெரிய எழுத்தில். படத்தில் இருப்பவரின் ‘முன்பு’ முடியே நல்ல பழுப்பு.