₹-க்குப் பதில் INR, →-க்குப் பதில் ->: வெறும் டெக்ஸ்ட் கோப்பில் எது நிலைத்தது, எது காலை வாரியது

ஒரு விலைப்பட்டியல் `.txt` கோப்பாக இருக்கிறது. அது பழைய பில்லிங் மென்பொருளுக்குள் போகிறது, 58 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் அச்சாகிறது, சில சமயம் ஸ்கிரிப்ட் ஒன்றும் அதைப் படிக்கிறது. மூன்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால் ஆஸ்கியைத் தாண்டக் கூடாது. அதில் இருக்கும் நாணயக் குறி `$` மட்டும்தான். ₹ யூனிகோடில் சேர்ந்ததே 2010-இல். அதற்கு முந்தைய எழுத்துருக்களிலும் பிரிண்டர்களிலும் அதைத் தேடிப் பயனில்லை.

கெட்டுப்போன கோப்பு கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, ₹ இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதைத்தான். `?` இருந்தால் யாரோ கோப்பை `ANSI` என்று சேமித்துவிட்டார்கள். குறி அழிந்தே போய்விட்டது, மூலக்கோப்பு இல்லாமல் மீட்க முடியாது. `â‚¹` என்று மூன்று எழுத்துகள் இருந்தால் ஒன்றும் அழியவில்லை. யூடிஎஃப்-8 கோப்பில் ₹ மூன்று பைட்டுகளாக, `E2 82 B9` என்று இருக்கும். மென்பொருள் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது, அவ்வளவுதான். சேமிக்காமல் மூடிவிட்டு `UTF-8` என்று தேர்ந்து திறந்தால் சரியாகிவிடும். அந்தக் கோலத்திலேயே சேமித்தால்தான் சிக்கல் இரட்டிப்பாகும்.

மாற்றாக முதலில் கைக்கு வருவது `Rs.` தான். மனிதர் படிப்பதற்கு மட்டும் என்றால் குறையில்லை. ஆனால் எண்ணைப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்டுகள் பல, இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதையெல்லாம் நீக்கிவிடும். `Rs.500` அப்போது `.500` ஆகிறது. 500 ரூபாய்ச் சரக்கு 50 காசுக்குப் பதிவாகும், பிழைச் செய்தி எதுவும் வராது. `Rs.500.50` என்றால் இரண்டு புள்ளிகள் வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நிற்பதாவது கண்ணில் படும். புள்ளியை விட்டு `Rs 500` என்று எழுதினால் இந்த ஆபத்து போய்விடும். ஆனால் இலங்கை, பாகிஸ்தான், நேபாளப் பணத்துக்கும் `Rs` உண்டு. பட்டியலில் கொழும்புச் சரக்கும் கலந்தால் குழப்பம் நிச்சயம். `INR 500`, `LKR 500` என்று மூன்றெழுத்துக் குறியீடும் ஓர் இடைவெளியும் போடுவதுதான் நெடுநாள் தாங்குகிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. 58 மி.மீ. தாளில் வழக்கமான எழுத்தளவில் வரிக்கு 32 எழுத்துகள்தான் விழும். ₹ பிடித்த ஓரிடத்தை `INR ` நான்கிடமாக்குகிறது. பொருளின் பெயர் நீளமானால் விலை அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஒரே நாணயமுள்ள பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் அதை எழுதவே வேண்டாம். தலைப்பில் `Rate INR` என்று ஒருமுறை போட்டு, கீழே எண்களை மட்டும் வலப்பக்கம் ஒட்டி அடுக்குங்கள்.

அம்புக்குறிக்கு `->` நல்ல மாற்று. `=>` வேண்டாம்; அதற்கு எதிர்த்திசை அம்பு `<=`, அது ≤ என்பதற்கு வேண்டும். வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டுவதும் வேண்டாம். அங்கே `-->` தானாகவே விங்டிங்ஸ் எழுத்துருவின் அம்பாக மாறும். டெக்ஸ்டாக ஒட்டும்போது `à` என்று வந்து நிற்கும். பழைய மின்னஞ்சல்களில் காரணமில்லாமல் நடுவில் தெரியும் `à` பெரும்பாலும் இதுதான்.

`->` காலை வாருகிற இடம் கட்டளைவரி. மேற்கோள் குறியில்லாமல் இப்படி அடித்தால்:

```
echo Settings -> Network
```

திரையில் எதுவும் வராது. `Network` என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகி, அதற்குள் `Settings -` என்று இருக்கும். அந்தப் பெயரில் முன்பே கோப்பு இருந்தால் அதிலிருந்தது போயிற்று. லினக்ஸில் `echo`-க்குப் பின்னால் வருவது முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

மற்றவற்றில் ± என்பதற்கு `+/-`, டிகிரிக்கு `deg C`. µ ஒன்றில்தான் கவனம் தேவை: மின்தேக்கிக்கு `10 uF` போதும், மருந்தளவுக்கு `mcg` என்றே எழுத வேண்டும். `ug`-ஐ அவசரத்தில் `mg` என்று படித்தால் அளவு 1000 மடங்காகும்.

மூலத்தை யூடிஎஃப்-8 ஆகவே வைத்துக்கொண்டு, ஆஸ்கிப் பிரதியை லினக்ஸில் இப்படி எடுக்கலாம்:

```
sed -e 's/\xC2\xA0/ /g' -e 's/₹ */INR /g' \
    -e 's/→/->/g' vilai.txt > vilai-ascii.txt
grep -nP '[^\x00-\x7F]' vilai-ascii.txt
```

முதல் மாற்றத்தை விட்டுவிடாதீர்கள். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த விலையில் ₹-க்கும் எண்ணுக்கும் நடுவே இருப்பது பல நேரம் சாதாரண இடைவெளி அல்ல, உடையா இடைவெளி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரிண்டரில்தான் குப்பை எழுத்தாக விழும். இரண்டாம் கட்டளை எந்த வரியையும் காட்டாவிட்டால் கோப்பு சுத்தம். காட்டினால் அந்த வரி எண்ணில் இன்னும் ஒரு குறி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது சாய்ந்த மேற்கோளாகவோ நீளக் கோடாகவோ இருக்கும்.