ஏஜென்சி செய்தியைத் தமிழாக்க இரண்டு வழிகள்: ஒரு நிலநடுக்கச் செய்தியை வைத்து ஓர் ஒப்பீடு

செய்தி ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தி, அதாவது காப்பி, டெஸ்க்குக்கு வந்ததும் அதைத் தமிழில் கொண்டுவர இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றிக்கொண்டே போவது. இன்னொன்று, காப்பி முழுவதையும் படித்து, என்ன நடந்தது என்று மனதில் வாங்கிக்கொண்டு, மூலத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழில் எழுதுவது. எழுதி முடித்த பிறகு மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது. நான் இரண்டாவது வழியின் பக்கம். ஆனால் முதல் வழிக்கும் ஒரு பலம் உண்டு, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தால் இது தெரியும்.

2023 பிப்ரவரி 6 துருக்கி, சிரியா நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அன்று காலை வந்த ஏஜென்சி செய்திகளின் பாணியில் ஒரு லீட், அதாவது செய்தியின் தொடக்கப் பத்தி, வரிக்கு வரி மாற்றினால் இப்படி வரும்:

"சக்திவாய்ந்த 7.8 ரிக்டர் நிலநடுக்கம் தென்கிழக்கு துருக்கியையும் வடக்கு சிரியாவையும் திங்கட்கிழமை அதிகாலை தாக்கியது, டஜன் கணக்கான கட்டடங்களைத் தரைமட்டமாக்கி, நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, குடியிருப்பாளர்களை உறைபனி இரவுக்குள் ஓடச் செய்தது என அதிகாரிகள் கூறினர்."

காப்பி முழுவதையும் படித்துவிட்டுத் தமிழில் எழுதினால்:

"துருக்கியின் தென்கிழக்குப் பகுதியிலும் அதை ஒட்டிய வடக்கு சிரியாவிலும் திங்கட்கிழமை அதிகாலை கடுமையான நிலநடுக்கம் ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கட்டடங்கள் இடிந்து விழுந்ததில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்கள் கடும் குளிரில் தெருக்களில் நின்றனர். நிலநடுக்கம் 7.8 அளவில் பதிவானதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் தெரிவித்துள்ளது."

முதலாவதில் நிலநடுக்கம்தான் எழுவாய். அதுவே தாக்குகிறது, தரைமட்டமாக்குகிறது, கொல்கிறது, ஓடச் செய்கிறது. ஆங்கிலத்தில் இது சாதாரணம். தமிழில் நிலநடுக்கம் ஏற்படும். அதனால் கட்டடம் இடியும். இடிந்ததில் ஆட்கள் இறப்பார்கள். காரணமும் விளைவும் அந்த வரிசையில் வந்தால் வாசகர் திரும்பிப் படிக்க வேண்டியிருக்காது. நாற்பது சொல் ஆங்கில லீடை நான்கு தமிழ் வாக்கியமாக உடைப்பதில் தப்பே இல்லை.

சரி, இரண்டாவதை இன்னொரு முறை படியுங்கள். அதில் கசிவுகள் இருக்கின்றன, இரண்டை மட்டும் சொல்கிறேன். இறப்பு எண்ணிக்கையைச் சொன்னவர்கள் அதிகாரிகள் என்பது காணாமல் போய்விட்டது. மூலத்தில் இல்லாத "தூங்கிக்கொண்டிருந்தவர்கள்" உள்ளே வந்துவிட்டார்கள். அதிகாலை 4.17 என்பதால் அது நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். படித்துவிட்டுத் திரும்பிச் சொல்லும் இந்த இரண்டாவது வழியில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இந்த வகை: ஆதாரம் உதிரும், "குறைந்தது" என்ற சொல் உதிரும், காட்சி கொஞ்சம் கூடும். நடை சரளமாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் படாது. வரிக்கு வரி எழுதியவரின் காப்பி கரடுமுரடாக இருக்கும், ஆனால் இந்தப் பிழை அதில் குறைவு. அதனால்தான் ஒத்துப் பார்க்கும் கட்டத்தை விடக்கூடாது என்கிறேன். மூலத்தில் உள்ள ஒவ்வொரு எண், ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு "கூறினார்" மீதும் விரல் வைத்து, தமிழில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அப்புறம் எதிர்த்திசையில், தமிழில் இருப்பதெல்லாம் மூலத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். இங்கே போட்டி, ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவதா, அந்த ஊர்க்காரர் உச்சரிப்பைக் கேட்டு எழுதுவதா, தமிழில் ஏற்கெனவே பழகியதை வைத்துக்கொள்வதா என்பது. துருக்கி மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்பட்டாலும், சில எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் உண்டு. ஏஜென்சி காப்பியில் அவை பெரும்பாலும் உதிர்ந்துதான் வரும். நிலநடுக்கத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் ஒன்றைக் காப்பியைப் பார்த்து எழுதினால் "கஹ்ராமன்மராஸ்" ஆகிவிடும். கடைசி எழுத்தின் கீழே ஒரு வால் இருக்கிறது, அது ஷ் ஒலி, எனவே கஹ்ரமன்மராஷ். துருக்கி மொழியின் த, பல்லில் நாக்குப் படும் த. ஆங்கிலத்தின் வழியாக வரும்போது நம் கை தானாக ட போடும், இன்னொரு மாகாணத்தை "ஹடாய்" என்று எழுதும். ஹதாய் என்றால் ஒலியும் சரி, தமிழ்க் கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

ஆனால் ஒலியே எப்போதும் வெல்லாது. துருக்கி அதிபர் பெயரில் ஆங்கிலத்தில் ஜி என்று தெரியும் எழுத்துக்குத் துருக்கி மொழியில் தனி ஒலியே கிடையாது, முன்னால் உள்ள உயிரை நீட்டும், அவ்வளவுதான். அதனால் சிலர் எர்துவான் என்று எழுதுகிறார்கள், அது உண்மை ஒலிக்கு நெருக்கம். பெரும்பாலான வாசகர்களுக்கோ எர்டோகன்தான் தெரியும், அப்படித்தான் தேடுவார்கள். எது என்பதை நிறுவனம் ஒரு முறை முடிவு செய்துவிட வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு ஆள் போலத் தெரிவதுதான் உண்மையான பிழை. சிரியாவின் அலெப்போவை அரபியில் ஹலப் என்பார்கள். அதற்காக இன்று அதை மாற்றினால் வாசகருக்கு ஊர் தொலைந்துபோகும். என் கணக்கு எளிது: பழகிய பெயருக்குப் பழக்கம், புதிதாக வரும் பெயருக்கு ஒலி.

இதில் மனதுக்கு நிறைவு தரும் ஓர் ஊர் உண்டு. ஹதாய் மாகாணத்தின் தலைநகர் அந்தாக்யா. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு அது அந்தியோகியா. இயேசுவின் சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட ஊர் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. ஏஜென்சி காப்பி ஐரோப்பிய வழக்கில் பழைய பெயரைச் சொல்லும்போது, அதை "ஆன்டியோக்" என்று எழுதினால் ஒருவருக்கும் எதுவும் புரியாது. "அந்தாக்யா, பழைய அந்தியோகியா" என்று ஒரே ஒரு முறை போட்டால், மூலத்தில் ஆங்கில வாசகருக்குக் கிடைத்தது தமிழ் வாசகருக்கும் கிடைக்கிறது. வரிக்கு வரி வழியில் இது கைக்கு வருவது அரிது.

அளவுகளில், முதலில் ரிக்டர். எண்ணைப் பார்த்ததும் "ரிக்டர் அளவுகோலில்" என்று சேர்ப்பது தமிழ்ச் செய்தியில் ஊறிப்போன பழக்கம். சார்லஸ் ரிக்டர் 1935-ல் தெற்கு கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்காக வகுத்த அளவு அது. மிகப் பெரிய நிலநடுக்கங்களை அது சரியாகப் பிரித்துக் காட்டாது. இன்று இத்தகைய நிலநடுக்கங்களுக்கு அமெரிக்க மையம் சொல்வது திருப்புத்திறன் அளவு என்ற வேறொரு கணக்கு. அந்தச் சொல்லைச் செய்தியில் திணிக்க வேண்டாம், ரிக்டரை எடுத்துவிட்டு "7.8 அளவில்" என்றால் போதும், ஒன்றும் குறையாது. யார் சொன்ன எண் என்பதை மட்டும் விடாதீர்கள். அதே நிலநடுக்கத்துக்குத் துருக்கியின் பேரிடர் மேலாண்மை அமைப்பு 7.7 என்றது. ஆதாரம் இல்லாமல் இரண்டு எண்களும் ஒரே இதழில் வந்தால் அச்சுப் பிழை போலத் தெரியும்.

தூரத்தில் சிக்கல் வேறு மாதிரி. காப்பியில் "சுமார் 20 மைல்" என்று இருந்தால், கால்குலேட்டர் 32.19 கி.மீ. என்று தரும். அந்த இரண்டு தசம இலக்கங்களும் பொய்த் துல்லியம். மூலம் தோராயம் என்றால் தமிழும் தோராயமாகவே இருக்கட்டும்: சுமார் 30 கி.மீ. காப்பியே மைலையும் கிலோமீட்டரையும் சேர்த்துத் தந்திருந்தால் கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு இரண்டும் தேவை: உள்ளூரில் 4.17, இந்திய நேரப்படி காலை 6.47. உள்ளூர் நேரத்தை எடுத்துவிட்டால், ஊரே உறங்கும் நேரம் என்பது செய்தியிலிருந்து போய்விடும்.

பணத்தில்தான் பெரிய விபத்து நடக்கிறது. துருக்கியில் ஏற்பட்ட நேரடிச் சேதத்தை உலக வங்கி 34.2 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. ஒரு பில்லியன் 100 கோடி, எனவே 3,420 கோடி டாலர். அவசரத்தில் 342 கோடி, 34.2 கோடி என்றெல்லாம் விழுவதுண்டு. பிழையைப் பிடிக்க ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது நல்ல வழி: அப்போதைய மதிப்பில் கிட்டத்தட்ட 2.8 லட்சம் கோடி ரூபாய். ஒரு நாட்டின் பத்துக்கு மேற்பட்ட மாகாணங்கள் இடிந்த கணக்குக்கு அது பொருந்துகிறது. பத்தில் ஒரு பங்காக வந்திருந்தால் உறுத்தியிருக்கும். இலங்கை வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் மில்லியன், பில்லியன் என்றே விடலாம், அங்கே பத்திரிகை வழக்கு அதுதான்.

கடைசியாக மரபுத்தொடர்கள். "டஜன் கணக்கான" என்பது வாழைப்பழத்துக்குப் பொருந்தும்; கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் "பல" போதும். நேரத்துக்கு எதிரான ஓட்டம் என்று ஆங்கிலம் சொல்வதைத் தமிழில் பெயர்த்தால் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடும்; "நேரம் செல்லச் செல்ல உயிரோடு மீட்கும் வாய்ப்பு குறைகிறது" என்று விஷயத்தையே சொல்லிவிடலாம். "கொல்லப்பட்டனர்" நிலநடுக்கத்துக்கு ஒவ்வாது, கொன்றவர் ஒருவர் இருப்பது போலாகும். உயிரிழந்தனர் என்றே எழுத வேண்டும். சிரியா செய்தியில் இது இன்னும் முக்கியம். போரில் கொல்லப்பட்டவர்களைப் பற்றியும் அதே காப்பியில் ஒரு பத்தி இருக்கும், அங்கே கொல்லப்பட்டனர் என்பதே சரி.

மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு தொடர். துருக்கியில் அடுக்குமாடிகள் விழுந்த விதத்தை ஆங்கிலக் காப்பி "பான்கேக்" என்று சொல்லும். வரிக்கு வரி போகிறவர் "அப்பம் போல" என்று எழுதிவிடுவார். திரும்பி எழுதுகிறவரோ தமிழில் கைவசம் உள்ள "சீட்டுக்கட்டு போல் சரிந்தன" என்பதை எடுப்பார். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் தகவல் தவறு. மூலம் சொல்வது பொறியாளர்கள் பயன்படுத்தும் சொல்: தாங்கும் தூண்கள் விட்டுப்போய், தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று தட்டையாக வந்து படிந்த நிலை. அப்படி விழும்போது தளங்களுக்கு நடுவே ஆள் தங்கும் இடைவெளி மிகக் குறைவு. பக்கவாட்டில் சரிந்த கட்டடத்தில் இடைவெளி கிடைக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு மீட்பது ஏன் கடினம் என்பதற்கான விடையே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இங்கே உவமை வேண்டாம்: "மாடிகள் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கிக் கிடந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுவிடவும் இடமில்லை." இதில் இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இருக்கும்போது மட்டும். இல்லை என்றால் முதலாவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரம் இல்லாதபோது என்ன செய்வது என்று இளம் சப் எடிட்டர்கள் கேட்பார்கள். மூன்று வரி அவசரச் செய்திக்கு வரிக்கு வரி வழியே பாதுகாப்பு. எண், இடம், ஆதாரம் மூன்றும் சரியாக இருந்தால் போதும், வாக்கியம் விறைப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரத்தில் ஏஜென்சியின் அடுத்த காப்பி வரும், இறப்பு எண்ணிக்கை மாறியிருக்கும். அப்போது பழைய தமிழ் காப்பியில் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டாமல், புதிய காப்பியை முழுதாகப் படித்து முதல் பத்தியிலிருந்து எழுதுங்கள். 2023-ல் அதே நாள் பிற்பகலில் 7.5 அளவில் இரண்டாவது நிலநடுக்கம் வந்தது. எண்ணை மட்டும் ஒட்டுகிறவர் அதைப் பின்னதிர்வு என்று ஆறாவது பத்தியில் புதைத்துவிடுவார். லீடிலேயே வர வேண்டிய செய்தி அது.