தேதியா, காயா? பருவப் பொருந்தாமையை எதை வைத்து வாதிடுவது

பூ முந்திவிட்டது, அதை நாடிவரும் பூச்சியும் பறவையும் பிந்திவிட்டன. வெப்பமயமாதலைப் பற்றிய கட்டுரைகளின் விவாதப் பகுதியில் இந்த வாதத்தை இரண்டு விதமாக முன்வைக்கலாம். ஒன்று, இரு தரப்பின் தேதிகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டுவது. மற்றொன்று, அந்த விலகலால் காய்ப்பு குறைந்ததா என்று காட்டுவது. நீலகிரியின் சோலை ஓரங்களில் நிற்கும் காட்டுப்பூவரசை வைத்து எழுதியபோது நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தேன். இப்போதும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

தேதி வழியின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததே. பழைய உலர்தாவரத் தாள்கள் இருக்கின்றன, பயணம் குறைவு, வரைபடம் பளிச்சென்று அமையும். ஆனால் அந்தத் தாள்களில் இருப்பது மரம் பூத்த நாள் அல்ல, யாரோ மலையேறிப் பறித்த நாள். ‘முதல் பூ’ தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. மரங்கள் கூடினாலோ, பார்ப்பவர்கள் கூடினாலோ, பருவம் நகராமலே முதல் பூ முன்னதாகக் கண்ணில் படும். இவற்றையெல்லாம் கடந்தாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. பூப்பும் வருகையாளர்களின் வரவும் முன்பு ஒத்துத்தான் இருந்தனவா? பழைய நிலை தெரியாதபோது, இன்றைய இடைவெளியை மட்டும் காட்டிப் பொருத்தம் குலைந்தது என்று சொல்ல முடியாது.

விலகல் உண்மையே என்றாலும் அது இனத்தைப் பாதித்தே தீரும் என்பதில்லை. நெதர்லாந்தின் இரண்டு பறவைகள் இதற்கு நல்ல சான்று. ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வரும் கருவெள்ளை ஈப்பிடிப்பான், குஞ்சுகளுக்கு இரையாகும் புழுக்கள் பெருகும் உச்சம் மிகவும் முந்திய காடுகளில் இருபது ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. அதே நாட்டின் பெரிய பட்டாணிக்குருவியைப் பற்றி 2013இல் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. பொருந்தாத ஆண்டுகளில் குஞ்சுகள் குறைந்தன. ஆனால் போட்டியும் குறைந்ததால் எஞ்சியவை கூடுதலாகப் பிழைத்தன. மொத்த எண்ணிக்கை சரியவில்லை. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டி முடித்துக்கொள்ளும் விவாதப் பகுதிகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அதனால்தான் காயை எண்ணச் சொல்கிறேன். சில மரங்களில் பூங்கொத்துகளை அடையாளமிட்டு, வேறு மரங்களின் மகரந்தத்தைக் கையால் சேர்க்க வேண்டும். சிலவற்றை இயற்கையின் போக்கில் விட வேண்டும். கையால் சேர்த்தவற்றில் காய் கூடுதலாகப் பிடித்தால், இயற்கையில் மகரந்தம் போதவில்லை என்று பொருள். பலர் இங்கேயே நின்று ‘பொருந்தாமை’ என்று எழுதிவிடுகிறார்கள். மகரந்தம் போதாமைக்கு மழை, மூடுபனி, தேனீக்களே குறைந்துபோனது என்று ஏதும் காரணமாகலாம்.

இவற்றைப் பிரிக்க, ஒரே பருவத்தில் முந்திப் பூத்த மரங்களையும் பிந்திப் பூத்தவற்றையும் ஒப்பிட வேண்டும். ஒரு பேச்சுக்கு, கையால் சேர்த்த பூக்களில் நூற்றுக்கு 60 காய்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இயற்கையாக விட்டவற்றில் முந்திய மரங்களில் 25, பூச்சி, பறவைகளின் வருகை உச்சத்தில் இருந்தபோது பூத்த மரங்களில் 50 என்றால், குறை நேரத்தோடு சேர்ந்து நகர்கிறது. பொருந்தாமை என்று வாதிட அங்கே இடமிருக்கிறது. இரண்டிலும் 35 என்றால் வருபவர்களே குறைவு. அதைப் பொருந்தாமை என்று எழுதக் கூடாது. பனி விழும் வாரங்களில் பூத்த மரங்களுக்கு மட்டும் இன்னொரு சோதனை தேவை. அங்கே கையால் சேர்த்தவையும் சரிவரக் காய்க்கவில்லை என்றால், கருகியதற்குப் பனியே காரணமாக இருக்கலாம், பூச்சி அல்ல.

ஒரு கிளையில் மட்டும் கையால் சேர்த்தால் மரம் தன் ஊட்டத்தை அந்தக் கிளைக்கே திருப்பிவிடக்கூடும். அப்போது வித்தியாசம் பொய்யாகப் பெருகித் தெரியும். அருகிலுள்ள தொடாத கிளைகளின் காய்ப்பு, வேறு மரங்களின் காய்ப்பை விடக் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபடும்.

என் வழிக்கும் எல்லை உண்டு. ஒரு பருவத்துக் காய்ப்பை வைத்து வெப்பமயமாதலைக் குற்றம் சாட்ட முடியாது. அதுவும் இங்கே, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் ஆளும் மலையில், பூப்பை முந்த வைத்தது வெயிலா மழையா என்பதே தனிக் கேள்வி. ஆகவே என் விவாதப் பகுதியில் ‘முந்திப் பூத்த மரங்கள் குறைவாகக் காய்த்தன, வருகை உச்சம் அவற்றுக்குப் பின்னரே வந்தது’ என்பதோடு நிறுத்தினேன். மரங்களில்தான் எனக்குப் பழக்கம். பறவைகளுக்கும் தவளைகளுக்கும் இதே முறை எவ்வளவு செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பூவுக்கும் வருகையாளர்களுக்கும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த நீண்ட ஆண்டுத் தொடர் வைத்திருப்பவர் தேதி வழியிலேயே போகலாம். அவரும் ஓரிரு பருவமாவது காயை எண்ணிச் சேர்த்தால், மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.