தெர்மல் கேமராவும் ஐஸ் பிளான்டின் பி ஃபேஸும்: நாலு வருஷ அனுபவம்

கடலூர் முதுநகர், சிப்காட், அந்தப் பக்கம் பாகூர் வரைக்கும் சின்னச் சின்ன ஆலைகளில் பேனல் பராமரிப்பு பார்க்கிறேன். கையடக்கத் தெர்மல் கேமரா ஒன்று வாங்கி நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 160×120 ரெசல்யூஷன், கிட்டத்தட்ட 45 டிகிரி பார்வைக் கோணம். புதிதாக வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டிகிரி வந்தா டேஞ்சர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதை ஒரே ஒரு பேனலை வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் கேமராவைப் பற்றிக் கொஞ்சம். திரையில் தெரியும் சிவப்பை நம்பாதீர்கள். ஆட்டோ ஸ்கேலில் விட்டால், காட்சியில் எது அதிகச் சூடோ அதற்கு வெள்ளையும் சிவப்பும் பூசிவிடும். வித்தியாசம் 2 டிகிரியாக இருந்தாலும் சரி, 40 ஆக இருந்தாலும் சரி. படத்தைப் பார்த்து முதலாளிகள் பதறிப்போவதைப் பல முறை பார்த்துவிட்டேன். நான் ஸ்கேலை 30 முதல் 90 வரை பூட்டி வைத்துத்தான் படம் எடுக்கிறேன். இந்த ரெசல்யூஷனில் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் சுமார் 5 மில்லிமீட்டர். நம்பக்கூடிய அளவீட்டுக்குக் குறைந்தது மூன்று பிக்சல் அகலம் வேண்டும், அதாவது 15 மில்லிமீட்டர். 95 சதுர மில்லிமீட்டர் கேபிளின் லக், அதாவது கேபிள் முனையில் பொருத்தும் இணைப்புத் துண்டு, இதற்குப் போதுமான அகலம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த அகலம் போதாது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பரப்பும் சேர்ந்து சராசரியாகி, சூடு குறைவாகத்தான் தெரியும்.

பேட்டரி இப்போது முன்னைப் போல நிற்பதில்லை. கடற்காற்றில் லென்ஸ் மேல் உப்புப் படலம் படிகிறது. வேலை முடிந்ததும் துடைக்காவிட்டால் படம் மங்குகிறது. இவை போக, கருவி மேல் எனக்குக் குறையில்லை.

சரி, பேனலுக்கு வருவோம். முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் பிளான்ட். கம்ப்ரசருக்குப் போகும் அவுட்கோயிங்கில் 160 ஆம்பியர் எம்சிசிபி பிரேக்கர், அதிலிருந்து 95 சதுர மில்லிமீட்டர் பிவிசி அலுமினியம் கேபிள். நான் பார்க்கும் பேனல்களில் வருடாந்திர ஷட்டவுனின்போதே ஒவ்வொரு லக்கின் மேலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்துவிடுவேன். பளபளப்பான உலோகம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக அதிகம் வெளிவிடாது. எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். டேப்பின் எமிசிவிட்டி, அதாவது கதிரை வெளிவிடும் திறன், 0.95 அளவில் இருப்பதால் அதன் மேல் எடுக்கும் எண்ணை நம்பலாம். டேப் இல்லாத ஈயம் பூசிய லக்கைக் கேமரா பார்த்தால், உண்மையில் 80 டிகிரியைத் தாண்டியிருந்தாலும் 50 சொச்சம் என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். மின்சாரம் ஓடும்போது டேப் ஒட்டப் போகாதீர்கள். அப்போது லக்கை ஒட்டிய கேபிள் இன்சுலேஷனையோ ஸ்லீவையோ படிப்பதே பாதுகாப்பு. அக்ரிலிக் மூடி வழியாகவும் கேமராவுக்கு எதுவும் தெரியாது. மூடியின் சூட்டைத்தான் காட்டும். கிளவுஸ், ஃபேஸ் ஷீல்டோடு மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மே மாதம் முதல் சர்வே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் ஐஸுக்குத் தேவை குறைவு, கம்ப்ரசரும் பாதி லோடில்தான் ஓடும். அறை வெப்பம் 38 டிகிரி. ஆர் ஃபேஸ், ஒய் ஃபேஸ் டெர்மினல்கள் 42, பி ஃபேஸ் 51. கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய 62 ஆம்பியர்.

மேலாளர் சிரித்துவிட்டார். "ஒன்பது டிகிரிக்கெல்லாமா லைனை நிறுத்தச் சொல்றீங்க அண்ணே? கையை வெச்சாலே சுடாதே."

கை தாங்கும் சூடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 9 டிகிரி 62 ஆம்பியரில் வந்தது. இணைப்பில் பிறக்கும் வெப்பம் I²R. கரன்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. நடைமுறையில் சூடு ஏற ஏற, பரப்பு காற்றுக்கு வெப்பத்தை இன்னும் எளிதாகக் கடத்துவதால் வர்க்கத்தை விடக் கொஞ்சம் குறைவாகவே ஏறும், அடுக்கை 1.6 முதல் 2 வரை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். சீசனில் இந்தக் கம்ப்ரசர் 130 ஆம்பியர் இழுக்கும். 130/62 என்பது சுமார் 2.1. அடுக்கு 1.6 என்றால் 3.3 மடங்கு, 2 என்றால் 4.4 மடங்கு. ஆக 9 டிகிரி வித்தியாசம் சீசனில் 29க்கும் 40க்கும் நடுவே எங்கோ போய் நிற்கும். இதை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். பிரேக்கர் திறனில் 40 சதவீதத்துக்கும் கீழே லோடு இருக்கும்போது எடுத்த படத்தில் பழுது எதுவும் தெரியவில்லை என்றால், அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தேன். 62 ஆம்பியர் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேதான் வருகிறது. மே மாதத்தில் நல்ல இணைப்பு போலவே தெரிந்து ஏமாற்றியிருக்கக்கூடிய பழுது இது.

அவர்கள் தள்ளிப்போட்டார்கள். தடை முடிந்து படகுகள் கிளம்பியதும் போன் வந்தது. மதியத்தில் கம்ப்ரசர் டிரிப் ஆகிறது, பிரேக்கர் "வீக்" ஆகிவிட்டது, 200 ஆம்பியர் போட்டுவிடலாமா என்று.

போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு லோடில் ஓடவிட்டுப் பார்த்தேன். சூடு நிலைக்கு வர அவ்வளவு நேரமாவது வேண்டும். 126, 128, 128 ஆம்பியர். அறை 37 டிகிரி, ஆர், ஒய் 54, பி ஃபேஸ் 88. வித்தியாசம் 34.

இந்த இடத்தில் சிலர், "பி ஃபேஸில் லோடு அதிகமாக இருக்கும்" என்று கடந்துபோய்விடுவார்கள். கிளாம்ப் மீட்டரோ அப்படி இல்லை என்றுதான் சொல்கிறது. பேச்சுக்கு பி ஃபேஸில் 20 சதவீதம் கூடுதல் கரன்ட் என்றே வைத்துக்கொள்வோம். வெப்பம் 44 சதவீதம் கூடும். நல்ல ஃபேஸ்களில் அறையை விட 17 டிகிரிதான் ஏறியிருக்கிறது. அது 24 அல்லது 25 ஆகும். வித்தியாசம் 7, 8 டிகிரியைத் தாண்டாது. 34 டிகிரியை லோடு ஏற்றத்தாழ்வு தர வேண்டுமானால் கரன்ட் ஏறக்குறைய 1.7 மடங்காக இருக்க வேண்டும். அது மீட்டரில் தெரியாமல் போகாது.

படத்தின் வடிவமும் அதையேதான் சொன்னது. லக்கின் போல்ட் அருகே உச்சம். கேபிளில் கீழே போகப் போகச் சூடு குறைந்து, ஒரு முழ நீளத்துக்குள் மற்ற கேபிள்களின் அளவுக்கு வந்துவிட்டது. ஓவர்லோடு என்றால் கேபிள் நெடுக ஒரே சூடாக இருக்கும். புள்ளியில் தொடங்கித் தேய்ந்துகொண்டே போனால் அது இணைப்பின் கோளாறு.

உறுதி செய்துகொள்ள லக்கிலிருந்து டெர்மினல் வரை மில்லிவோல்ட் பார்த்தேன். லைவ் லைனில் செய்யும் வேலை. தகுந்த மீட்டரும் கிளவுஸும் பழக்கமும் இல்லாதவர்கள் தொட வேண்டாம். ஆர் ஃபேஸில் 7 மில்லிவோல்ட், பி ஃபேஸில் 70. 128 ஆம்பியரோடு பெருக்கினால் சுமார் 9 வாட். ஒரு எல்ஈடி பல்பு எடுக்கும் மின்சாரம் முழுக்க, கட்டைவிரல் அளவு இடத்தில் வெப்பமாகிக்கொண்டிருந்தது.

டிரிப் ஆனதற்கும் இதுதான் காரணம். இது தெர்மல்-மேக்னடிக் வகை. உள்ளே இருக்கும் பைமெட்டல் பட்டை கரன்ட் தரும் சூட்டில் வளைந்து பிரேக்கரைத் தட்டிவிடும். டெர்மினலிலிருந்து உள்ளே போகும் சூடு எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. வெளியில் பிறந்த சூட்டையும் ஓவர்லோடு என்று எண்ணிக்கொண்டு, அறை அதிகம் சூடாகும் மதியத்தில் முன்கூட்டியே தட்டியது. பிரேக்கர் கெட்டுப்போகவில்லை. 200 ஆம்பியர் போட்டிருந்தால் டிரிப் நின்றிருக்கும், சூடு நின்றிருக்காது. பிவிசி இன்சுலேஷனுக்குத் தொடர்ந்து தாங்கும் கண்டக்டர் வெப்பம் 70 டிகிரிதான். 88 டிகிரியில் அது கறுத்து இறுகிக்கொண்டிருந்தது. எம்சிசிபி டெர்மினலுக்குச் சர்வதேசத் தரத்தில் சுற்றுப்புறத்துக்கு மேல் 80 டிகிரி வரை ஏற அனுமதி உண்டு. அதை மட்டும் பார்த்து "பிரேக்கர் தாங்கும்" என்று சொல்பவர்கள் கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே லோடில் உள்ள ஒத்த பாகங்களுக்கு நடுவே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்பது துறையில் பரவலாகப் பின்பற்றப்படும், மின் சோதனை நிறுவனங்களின் சங்கமான நேட்டாவின் அளவுகோல். 4 முதல் 15 வரை என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், வாய்ப்பு கிடைக்கும்போது திறந்து பார்த்துவிட வேண்டும். மே மாதத்து 9 டிகிரியே அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது, அதுவும் பாதி லோடில்.

மாலையில் ஷட்டவுன் எடுத்து, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று டெட் செக் செய்துவிட்டுத் திறந்தோம். அலுமினியம் லக்கை நேராகச் செம்பு டெர்மினலில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்கும் பைமெட்டாலிக் லக்கும் இல்லை, வாஷரும் இல்லை. உப்புக்காற்றின் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரித்து, லக்கின் அடியில் வெள்ளைப் பொடி. போல்ட் தளர்ந்துமிருந்தது, அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும் உலோகம்.

கூட இருந்த எலக்ட்ரீஷியன் ஸ்பேனரை எடுத்து முறுக்கப் போனார். வேண்டாம் என்றேன். முறுக்கினால் கொஞ்ச நாளைக்குச் சூடு குறையும், படமும் அழகாக வரும். ஆக்சைடு படலம் அங்கேயேதான் இருக்கும். கறுத்த பகுதிவரை கேபிளை வெட்டி, பைமெட்டாலிக் லக்கைச் சரியான டையில் கிரிம்ப் செய்து, டெர்மினல் முகத்தைச் சுத்தம் பண்ணி, பிரேக்கர் மேல் அச்சடித்திருக்கும் டார்க் அளவுக்கு டார்க் ரென்ச்சில் முறுக்கினோம். ஆர், ஒய் ஃபேஸ்களையும் சேர்த்தே மாற்றிவிட்டோம். கட்டியது அதே ஆள், அதே லக்.

அடுத்த நாள் 127 ஆம்பியரில் மூன்றும் 52, 53, 54. பி ஃபேஸில் மில்லிவோல்ட் 6. டிரிப் நின்றது. பிரேக்கர் அதே பழைய 160 தான்.

கேமராவால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். எம்சிசிபிக்குள் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் அது நேரடியாகத் தெரியாது. உடலின் மேற்பரப்பில் கசியும் சூட்டை வைத்து ஊகிக்கத்தான் முடியும். உள்ளே எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. அந்தச் சந்தேகம் வந்தால் லைன் முனைக்கும் லோடு முனைக்கும் இடையே ஒவ்வொரு போலுக்கும் மில்லிவோல்ட் பார்த்து ஒப்பிடுவேன்.

வாங்குகிறவர்கள் 160×120க்குக் கீழே போகாதீர்கள், கூடவே நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். படத்தோடு கரன்ட்டைக் குறிக்காமல் கொடுக்கப்படும் தெர்மல் அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இந்த ஐஸ் பிளான்டுக்கு அடுத்த சர்வே வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில், கம்ப்ரசர் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும் ஒரு நாளில்.